பி உட்கார்ந்த ஜன்னல் சீட்

சரியான விடைகள் ஒன்றுபோல இருப்பதில் அதிசயம் இல்லை, தவறான விடைகள் ஒன்றுபோல இருந்தால்தான் ஆராய வேண்டும் என்று சார் அடிக்கடி சொல்வார். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடியில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துபவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரீசனிங் பகுதிக்கு விடை எழுதித் திருத்திக் கொடுப்பது என் வேலை. மற்ற நாட்களில் பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறேன். அங்கேயும் கிட்டத்தட்ட இதே வேலைதான். எங்கே தப்பு என்று சொன்னால் போதாது, எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு மாதிரித் தேர்வு முடிந்து தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். இருக்கை அமைப்புக் கணக்கில் ஐந்து கேள்விகள். இரண்டு தாள்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு விடை சரி, மூன்று தப்பு. அந்த மூன்று தப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. மற்றவர்களும் தப்பு செய்திருந்தார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு விதமாக. இந்த மூன்றும் சேர்ந்து வேறு எந்தத் தாளிலும் இல்லை.

ஒரு தாள் என்னோடு ரயிலில் வருகிறவளுடையது. என்னைவிட நான்கு வயது சின்னவள், பெங்களூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மாரிக்குப்பத்தில் ஏறி, கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும் எனக்கு துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்து வைப்பாள். இன்னொரு தாள் அதே பெட்டியில் வரும் ஒருவருடையது. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்போம்.

சார் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேர்வு அறையில் அவள் முதல் பெஞ்ச், அண்ணன் கடைசி பெஞ்ச். நடுவில் அவரே நடந்துகொண்டிருந்தார். அறைக்குள் பார்த்து எழுதியிருக்க முடியாது.

"அப்ப வெளியவே பேசி வச்சிகினு வந்துகீறாங்க," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "கொஸ்டின் பேப்பர் போட்டோ என் போன்ல இருந்திச்சி. அப்புறம் உங்க போன்ல. மூணாவது போன் கிடையாதும்மா."

அது உண்மை. வெள்ளிக்கிழமை மாலை ரீசனிங் பகுதியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், விடை தயார் செய்வதற்காக. திரும்பி வரும் ரயிலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம், அவள் என் தோளோடு தோளாக. மாலூர் தாண்டியதும் கண் அசந்துவிட்டேன். எழுந்தபோது போன் என் கையில் இல்லை, பையில் இருந்தது. பையின் ஜிப் மூடியிருந்தது. நான் மூடவில்லை.

இதை சாரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் டைம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் கேட்டேன். அடுத்த ஞாயிறு வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் ஒன்றும் தெரியவில்லை என்றால் இருவரையும் மெயின்ஸ் பேட்சிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்கும் போன் செய்து காரணம் சொல்வார். அண்ணனுக்கு அது அவமானம், அதோடு முடிந்தது. அவளுக்கு அப்படி இல்லை. பிரிலிம்ஸ் தேறி இதுதான் முதல் தடவை. இந்தத் தடவை ஆகவில்லை என்றால் படிப்பு போதும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு போன் போனால் மெயின்ஸ் எழுதவே விடமாட்டார்கள். அவர்கள் இருக்கும் ஆண்டர்சன்பேட்டையில் யாராவது ஒருவர் கேட்டால் போதும், மாலைக்குள் சுரங்கக் குடியிருப்பில் எல்லா கேம்ப்புக்கும் தெரிந்துவிடும்.

திங்கள்கிழமை காலை கோரமண்டலில் ஏறினேன். வழக்கம்போல துப்பட்டா எனக்கான இடத்தில் கிடந்தது. அவள் எடுத்துக்கொண்டாள், நான் உட்கார்ந்தேன். அவள் போனில் ஏதோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பியதும் திரையை ஜன்னல் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அதற்கு முன்பும் அப்படிச் செய்திருக்கலாம். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

மனதுக்குள் வரிசை போட்டேன். ஒன்று, அவள் என் போனிலிருந்து எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு, அண்ணனுக்கு வேறு வழியில் கிடைத்து அவர் அவளுக்கு அனுப்பியிருக்கலாம். மூன்று, தற்செயல். மூன்றாவதை உடனே அடித்தேன். ஐந்து விடையும் அப்படியே ஒத்துப்போவதற்குத் தற்செயல் என்று பெயர் வைக்க என் படிப்பு விடவில்லை. நான்காவதாக ஒன்று இருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அன்று முழுக்க அந்தப் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு இதுதான். பி, கியூ, ஆர், எஸ், டி, யு என்று ஆறு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, நடுவைப் பார்த்து, சம இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பி-க்கு நேர் எதிரே எஸ். பி-யின் இடப்பக்கம் இரண்டாவது ஆள் கியூ. கியூவுக்கு நேர் எதிரே டி. ஆர், கியூவுக்கு அடுத்த இடத்தில். அவ்வளவுதான் குறிப்பு.

வட்டத்துக்கு ஆரம்பம் கிடையாது. அதனால் பி-யை எங்கே வைத்தாலும் ஒன்றுதான். நான் எப்போதும் கீழே வைப்பேன். எஸ் மேலே போகும். நடுவைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடது கை கடிகாரம் சுற்றும் பக்கம். அப்படி இரண்டு இடம் நகர்ந்தால் கியூ. அதற்கு நேர் எதிரே டி, அது பி-யின் வலது கைப் பக்கத்து இடம். கியூவுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்றில் ஏற்கெனவே எஸ். ஆகவே மற்றதில் ஆர், பி-க்கும் கியூவுக்கும் நடுவே. மீதி இருக்கும் இடம் யு-வுக்கு. பி-யிலிருந்து இடப்பக்கமாகவே சுற்றி வந்தால் பி, ஆர், கியூ, எஸ், யு, டி.

பி-யின் இடப்பக்கத்தில் இருப்பது யார் என்று ஒரு கேள்வி. விடை ஆர். இருவரும் எஸ் என்று எழுதியிருந்தார்கள். கியூவுக்கும் யு-வுக்கும் நடுவில் யார்? விடை எஸ். இருவரும் ஆர். கியூவின் வலப்பக்கம் யார்? விடை ஆர். இருவரும் எஸ். ஆர்-க்கு எதிரே யார், பி-யின் வலப்பக்கம் இரண்டாவது யார் என்ற இரண்டுக்கும் யு என்று சரியாக எழுதியிருந்தார்கள். அவர்கள் மனதில் இருந்த மேசையில் ஆர் இடத்தில் எஸ், எஸ் இடத்தில் ஆர். மற்ற நால்வரும் சரியான இடத்தில்.

இது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. இடது வலது குழம்பியதால் வந்த தப்பு இது இல்லை. இடது வலதை முழுக்கத் திருப்பிப் போட்டால் படம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பும், ஆனால் கேள்விக்கும் அதே திருப்பத்தில் பதில் சொல்வதால் விடை சரியாகவே வந்துவிடும். பாதியில் குழம்பினால் ஆளுக்கு ஒரு மாதிரி வரும். ஆர்-ஐயும் எஸ்-ஐயும் மட்டும் சுத்தமாக இடம் மாற்றி வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். யாரோ ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் மனப்பாடம் செய்திருந்தால் அது காரணம்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. திரும்ப வரவைக்க முடியாத பிழையைப் பற்றி அறிக்கை எழுதக் கூடாது. செவ்வாய்க்கிழமை ஒரு புதுக் கணக்கு எழுதினேன். எழுத்துகள் ஏ-யிலிருந்து எஃப் வரை. குறிப்புகளின் வரிசையை மாற்றினேன், ஓர் இடது வலதாயிற்று. உள்ளே கட்டுமானம் மட்டும் அதேதான். அதை அச்செடுத்து, தேர்வுத் தாள்போலத் தெரிய மடித்து, போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர்கள் மனப்பாடம் செய்தவர்கள் என்றால் இந்தக் கணக்கு அவர்களுக்கு அந்நியம். அதே தப்பு வர வழியில்லை.

புதன்கிழமை அண்ணனுக்கு இரண்டாவது ஷிப்ட், மதிய வண்டியில்தான் வருவார். காலை ரயில் பங்காரப்பேட்டையில் நின்றபோது அவருக்குப் போட்டோவை அனுப்பி, படமும் போட்டு அனுப்புங்கள் என்று எழுதினேன். அதே நேரம் தாளை அவளிடம் கொடுத்து, போனைப் பையில் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். தேர்வில் போன் இருக்காதல்லவா என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போட்டாள். ஜிப்பையும் இழுத்து மூடினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்தது பெங்களூர் பக்கம் பார்த்த சீட்டில், இடது ஜன்னலோரம். அந்த இடத்தைத் தட்டி, "ஏ," என்றாள். அதாவது தானே ஏ. பிறகு எதிர் ஜன்னலில் தூங்கிக்கொண்டிருந்த காய்கறிக்கார அம்மாவைக் கண்ணால் காட்டி, "டி இவங்க." அடுத்து, தன் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீ சி, அக்கா." எதிர் வரிசையின் நடுவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பி ஆனார். அவருக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரம் இருந்த காலேஜ் பெண் இ. எங்கள் வரிசை ஓரத்தில் மிச்சம் இருந்தவர் எஃப். ஆறு பேருக்கும் தாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தெரியாது.

ஏ-யின் இடப்பக்கம் யார் என்று கேட்டேன். அவளுடைய இடப்பக்கம் ஜன்னல். அவள் கை ஜன்னலில் தட்டி அப்படியே எதிர் சீட்டுக்குத் தாண்டியது. "ஜன்னல்ல முட்டினா எதிர் சீட்டுக்குத் திரும்பணும். டி."

வட்டத்தில் விடை இ. டி என்றால், ஆர் இடத்தில் எஸ் வந்த ஞாயிற்றுக்கிழமைத் தப்பு அப்படியே.

"டி எப்படி அங்க வந்தாங்க?"

"இன்னாக்கா கேக்கற. ஏ-க்கு எதிர்ல டின்னு போட்டுகீது. எனக்கு எதிர்ல யாரு உக்காந்துகினு கீறாங்க?"

காய்கறிக்கார அம்மா கண் திறந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், எல்லோரும் உள்ளே பார்த்து. இந்த ஆறு சீட்டையும் ஒரு வளையமாக நினைத்தால் ஆறு பேர் வட்ட மேசைக்கு இது சரியாகவே பொருந்தும். இடது, வலது, பக்கத்தில், நடுவில், இரண்டாவது, எல்லாம் சரி. எதிரே என்பது மட்டும்தான் உதைக்கும். ரயிலில் ஜன்னலுக்கு எதிரே ஜன்னல். வட்டத்தில் அந்த இரண்டு ஜன்னலும் பக்கத்துப் பக்கத்து இடம். ஜன்னலோரம் இருப்பவருக்கு வட்டத்தில் எதிர் ஆள், மூலைக்கு மூலையாக நடைபாதை ஓரம் இருப்பவர். நடு சீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு எதிரும் ஒன்றே. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் கியூவும் டி-யும் சரியான இடத்தில் இருந்தார்கள். அந்த முறையில் ஒரு குறிப்பும் இன்னொன்றோடு மோதவில்லை. மோதியிருந்தால் அவர்களே விழித்துக்கொண்டிருப்பார்கள்.

அண்ணனிடமிருந்து பதில் வந்தது. விடை டி. கூடவே பேனாவால் போட்ட படத்தின் போட்டோ. மூன்று புள்ளி ஒரு வரிசை, எதிரே மூன்று புள்ளி. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் குறுக்கே கம்பிகள். அவர் வீட்டில் இருந்துகொண்டு ஜன்னலும் வரைந்திருந்தார்.

எத்தனை நாளாக இப்படிப் போடுகிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். இரண்டு வரிசைக் கணக்கு நடத்திய நாளிலிருந்து என்றாள். எதிரெதிர் வரிசையில் உட்காரும் கணக்குக்கு இந்தப் பெட்டியைவிட நல்ல படம் கிடைக்காது, அண்ணன்தான் கண்டுபிடித்தார், முதல் எழுத்து எப்போதும் இந்த ஜன்னலில். வட்டக் கணக்குக்கும் அதையே நீட்டிவிட்டார்கள், நன்றாகவே வந்துகொண்டிருந்தது. தினமும் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தும் நான் இதைப் பார்த்ததில்லை. காதில் ஹெட்போன் இருக்கும், கண் மூடியிருக்கும்.

எங்கே தப்பு என்று உடனே அவளுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் சாரிடம் காட்ட எதுவும் இருக்காது.

அன்று மாலை ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் சாருக்கு இரண்டு படங்களையும் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கடைசியில், "உங்க போன்ல இருந்து போச்சின்னு வந்துட்டா உங்களுக்கும் கஷ்டம்தானேம்மா," என்றார். நான் என்னையே காப்பாற்றிக்கொள்வதாக அவருக்குத் தோன்றியதில் தப்பில்லை. மூன்று நாளாக நான் அவளைப் பார்த்த கண்ணால்தான் அவர் என்னைப் பார்த்தார். நீங்களே ஒரு கணக்கு எழுதுங்கள், எனக்குக் காட்ட வேண்டாம், ஜன்னலோர ஆளுக்கு, அதாவது முதல் எழுத்துக்கு, எதிரே யாரையாவது வையுங்கள் என்றேன். இன்னொன்று, 'எதிரே' என்ற குறிப்பே இல்லாமல் எழுதுங்கள்.

ஞாயிறு காலை இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து சார் இரண்டு கணக்கும் கொடுத்தார். எதிரே இல்லாத கணக்கில் இருவருக்கும் முழு மதிப்பெண். மற்றதில் இருவருக்கும் ஒரே தப்பு. சார் தாள்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஆறு புள்ளி வைத்து, எதிரெதிர்ப் புள்ளிகளை நடு வழியாகக் கோட்டால் இணைத்தார். நடு வழியாகப் போகாத எதிர் எதிரே இல்லை என்றார். பிறகு சிரித்தார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாத மனிதர் என்ற பெயர் அவருக்கு உண்டு. பேட்ச் முழுவதும் கேட்க, இந்த இருவரையும் பேப்பர் திருடியதாக நினைத்திருந்தேன், மேடம் போனிலிருந்து போட்டோ போயிருக்கும் என்று நினைத்தேன், மேடம்தான் ரயிலிலேயே சோதனை வைத்துக் கண்டுபிடித்தார் என்று எல்லாவற்றையும் சொல்லி, என்னைப் பாராட்டினார்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு கணக்கின் குறிப்புகளை மறுபடி முதலிலிருந்து படிப்பதுபோல இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். பேட்சில் இருக்கிறாய், வீட்டுக்கு யாரும் போன் செய்யமாட்டார்கள் என்றேன். தலையசைத்தாள்.

"புதன்கிழமை போனை உள்ள வைக்க சொன்னியே, அதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

"வெள்ளிக்கிழமை நீ தூங்கறப்ப போன் வெளிச்சமா எரிஞ்சிகினு மடியில நழுவிச்சி. நான்தான் ஆஃப் பண்ணி பையில போட்டு ஜிப்ப இழுத்தேன்." கடைசிப் படியில் நின்றாள். "பாத்தியான்னு கேளேன்."

நான் கேட்கவில்லை.

"பாத்திருந்தா உன்னாண்டயே கேட்டு சரியா போட்டிருப்பேன் இல்லக்கா. மூணு தப்பு போடறதுக்கா திருடுவாங்க?"

கீழே துணிக்கடைக்காரர் பாதி திறந்திருந்த ஷட்டரை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். அவர் முழுதும் தூக்குவதற்குள் அவள் அதன் அடியில் குனிந்து தெருவுக்குப் போய்விட்டாள். அவள் போனைச் சாய்த்துப் பார்த்தது எதை என்று, பின்னால் இறங்கி வந்த அண்ணனிடம் கேட்டதும் சொன்னார். தான் தப்பாகப் போட்ட கணக்குகளைப் போட்டோ எடுத்து வைத்து, திரும்பத் திரும்பப் பார்ப்பாளாம். நான் பார்த்தால் இது கூடத் தெரியாதா என்பேன் என்று பயமாம். நான் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. முகம் சொல்லியிருக்கலாம்.

திங்கள்கிழமை கோரமண்டலில் வண்டி நின்றபோது, துப்பட்டா கிடக்காது என்று தயாராகத்தான் ஏறினேன். அவள் அதே ஜன்னலில் இருந்தாள். அவள் பக்கத்து இடத்தில், நான் தினமும் உட்காரும் இடத்தில், அண்ணன் இருந்தார். துப்பட்டா கிடந்தது எதிர் வரிசையில், நடைபாதை ஓரத்தில். அவளிடமிருந்து அந்த ஆறு சீட்டில் அதற்குமேல் தள்ளி ஓர் இடம் கிடையாது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஏறியவர்கள் தள்ளினார்கள்.

"உக்காருக்கா," என்றாள், மடியில் இருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "வட்டத்துல எனக்கு எதிரு அதான்."

தாளில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். புள்ளிகள் ஆறு. அவள் எந்தப் புள்ளி, நான் எந்தப் புள்ளி என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. துப்பட்டாவை மடித்து நீட்டினேன். அண்ணன் வாங்கி அவளிடம் கொடுத்தார். ஹெட்போனைப் பையிலேயே விட்டேன். பங்காரப்பேட்டை வரை மூலைக்கு மூலையாக உட்கார்ந்து, அவள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.